இரண்டு கையெழுத்துகளும் ஒரு பால்கனியும்

"நீங்க எப்படியும் ராத்திரி வந்து ஒருதரம் பார்ப்பீங்கன்னு நினைச்சேன் சார்." என்னிடம் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்த இளம் பொறியாளர் ஒருவர், ஒரு காலை ஆறரை மணிக்குத் தலையைக் குனிந்தபடி சொன்ன வாக்கியம் இது. அப்போது நாங்கள் இருவரும் நான்காவது கூரைத் தளத்துக்கான சென்ட்ரிங் பலகைகளின்மேல், கட்டி முடித்த கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். ஏழு மணிக்கு முதல் ரெடிமிக்ஸ் லாரி வர வேண்டும். அவர் சாக்குச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார். அதனால்தான் அந்த வாக்கியம் பல மாதங்கள் என்னை விடாமல் துரத்தியது. அதுவரை, அவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு உடனிருந்து கவனமாகப் பார்த்துக்கொள்ளும் நல்ல மூத்தவன் என்றே என்னைப் பற்றி நான் எண்ணியிருந்தேன். கொடுத்த பொறுப்பை ஒவ்வோர் இரவும் நானே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.

திருச்சியில் தரைத்தளமும் அதற்குமேல் மூன்று மாடிகளும் கொண்ட இரண்டு குடியிருப்புக் கட்டடங்களை அப்போது கட்டிக்கொண்டிருந்தோம். முதல் கட்டடத்தின் கூரைத் தளங்கள் ஒவ்வொன்றிலும் கம்பி கட்டும் வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்த இளைஞருடையது. அவர் பகலெல்லாம் நின்று பார்த்து, படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சரி' என்று குறியிட்டுக் கையெழுத்திடுவார். அதன்பின் இரவு எட்டு மணிக்கு நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறி, மீண்டும் முதலிலிருந்து எல்லாவற்றையும் அளப்பேன். கம்பி இடைவெளி எங்காவது கூடியிருந்தால் அவரைக் கூப்பிடாமல் கம்பி மேஸ்திரியிடமே நேராகச் சொல்லித் திருத்திவிடுவேன். மறுநாள் காலை வரும்போது அவருக்கு எது தவறாக இருந்தது, எது திருத்தப்பட்டது என்று தெரியாது. முதல் மூன்று தளங்களும் இப்படியே போயின. எந்தக் குறையும் இல்லாமல் கான்கிரீட் முடிந்ததால் இந்த முறை சரியாக இயங்குகிறது என்று நம்பினேன்.

நான்காவது தளத்துக்கு முந்தைய நாள் இரவு, வேறொரு பணியிடத்தில் மாட்டிக்கொண்டதால் என்னால் வர முடியவில்லை. காலை ஆறேகாலுக்கு வந்து சேர்ந்தேன். கீழே மேசையில் கான்கிரீட் போடுவதற்கான அனுமதிப் படிவம் இருந்தது. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நானும் என் இடத்தில் கையெழுத்திட்டேன். பிறகு பழக்கத்தின் காரணமாகத்தான் மேலே ஏறினேன். பால்கனிப் பகுதிக்கு வந்து கால் வைத்ததும் மேல்கம்பிகள் என் எடைக்கு அப்படியே கீழே இறங்கின. அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய 'சேர்' கம்பிகள், அதாவது வளைத்துச் செய்த சிறு முக்காலிகள், அந்தப் பகுதி முழுவதிலும் ஒன்றுகூட இல்லை. உள்தளத்துக்குப் போதுமான சேர்கள்தான் வெட்டப்பட்டிருந்தன. பால்கனிக்கு வரும்போது தீர்ந்துவிட்டன. கம்பி கட்டியவர்கள் மேல்கம்பிகளைக் கீழ்க்கம்பிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த ஐம்பது மில்லிமீட்டர்

கட்டுமானத் துறையில் இல்லாதவர்களுக்கு இது ஏன் சிறிய பிழை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். அறையின் மேல் உள்ள கூரை, இரண்டு பக்கமும் உத்தரங்களில் உட்கார்ந்திருக்கிறது; எடை ஏறும்போது நடுவில் கீழ்ப்பக்கம்தான் இழுபடும்; ஆகவே முக்கியக் கம்பி கீழே இருக்கும். சுவரைத் தாண்டி வெளியே நீளும் பால்கனிக்கோ மறுமுனையில் தாங்கல் கிடையாது. அது நீட்டிய கையைப் போன்றது. எடை ஏறினால் மேல்பக்கம் இழுபடும், அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில்தான் மிக அதிகமாக இழுபடும். எனவே அதன் முக்கியக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். எங்கள் வரைபடத்தில் பால்கனித் தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் கம்பிகள் 150 மில்லிமீட்டர் இடைவெளியில், மேல்பரப்பிலிருந்து 30 மில்லிமீட்டர் கவர் விட்டு அமைய வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி 50 மில்லிமீட்டர் கீழே இறங்கினால், கம்பியின் அளவும் எண்ணிக்கையும் மாறாமலிருந்தும் அந்தத் தளத்தின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. முட்டுகளைப் பிரிக்கும் நாளிலோ அதற்கு நெடுநாள் கழித்தோ சுவரோரமாக மேல்பரப்பில் ஒரு நீளமான விரிசல் தெரியும்போதுதான் தெரியவரும். அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு.

ரெடிமிக்ஸ் ஆலையை அழைத்தேன். முதல் லாரியில் இன்னும் கலவை ஏற்றத் தொடங்கவில்லை என்றார்கள். ஏற்றத் தொடங்கியிருந்தால் நிலைமையே வேறு. ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கியாக வேண்டும் என்பது விதி. ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டு, சேர் கம்பிகளை வெட்டி வளைக்கச் சொல்லி, இரண்டு பால்கனிகளிலும் வைத்துக் கட்டி முடித்தோம். வேலை தப்பியது. அந்த இடைவேளையில்தான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அன்று மாலை அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையெழுத்துகள். நான் பார்ப்பேன் என்று நம்பி அவர் போட்டது ஒன்று. அவர் பார்த்துவிட்டார் என்று நம்பி நான் போட்டது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தும் அந்தப் பால்கனியை ஒருவரும் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று தளங்களாக, அவருடைய சரிபார்ப்புக்குப் பின்னால் இன்னொரு முழுச் சரிபார்ப்பு இருக்கிறது என்று நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். தன் கண்ணே கடைசிக் கண் என்று அறிந்த ஒருவர் பார்ப்பதும், பின்னால் இன்னொருவர் வருவார் என்று அறிந்தவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்க முடியாது.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

இதற்கு மாற்றாக முழுவதும் விலகிக்கொள்ளலாமா என்று ஒரு கட்டத்தில் யோசித்தேன். எனக்குத் தெரிந்த சில மூத்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "பார்த்துக்கோ தம்பி" என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவார்கள். பிழை வந்த பிறகு அதே தம்பியைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். அதைப் பொறுப்பு ஒப்படைத்தல் என்று நான் ஏற்க மாட்டேன். வாடிக்கையாளருக்கும் வடிவமைத்த பொறியாளருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தக் கடமையை வேறொருவர் தோளில் ஏற்றும் உரிமை எனக்கு இல்லை. அவருக்குக் கொடுக்கக்கூடியது வேலையும் அந்த வேலைக்குத் தேவையான அதிகாரமும் மட்டுமே. ஆகவே நான் எங்கே நின்று பார்ப்பது என்பதுதான் தீர்க்க வேண்டிய கேள்வியாக இருந்தது.

இரண்டாவது கட்டடத்தின் முதல் தளத்துக்கு, கம்பி வெட்டத் தொடங்குவதற்கு முன்பே அவரோடு வரைபடத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். வழக்கம்போல நான் சொல்லிக்கொண்டே போகாமல், "கான்கிரீட் விழுந்த பிறகு நம்மால் திரும்பிப் போய்த் திருத்த முடியாதவை இதில் எவை?" என்று அவரைக் கேட்டேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: முட்டுகளின் உறுதியும் சென்ட்ரிங்கின் மட்டமும், உத்தரங்களில் கூடுதலாகப் போடும் மேல்கம்பிகள், பால்கனிக் கம்பிகள், கழிப்பறைக்காகத் தளத்தைத் தாழ்த்த வேண்டிய பகுதி. மின்விசிறிக் கொக்கிப் பெட்டியையும் சேர்த்துச் சொன்னார். அது விடுபட்டால் பிறகு துளையிட்டு ஆங்கர் போல்ட் வைத்துச் சமாளிக்கலாம். மற்றவற்றுக்கு அப்படி வழியில்லை. இந்த வேறுபாடே எங்கள் ஏற்பாட்டின் அடித்தளமாயிற்று. திருத்த முடிந்தவற்றை முழுக்க அவரிடம் விட்டேன். எந்தப் பகுதியை முதலில் கட்டுவது, எத்தனை ஆள், எந்த நேரம் என்பதிலெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. வரைபடத்தில் முரண்பாடு தெரிந்தாலோ, சொன்ன விட்டத்தில் கம்பி கிடைக்காமல் வேறொன்றை மாற்றிப் போட வேண்டியிருந்தாலோ, தானே முடிவு செய்யாமல் அன்றே எனக்குச் சொல்ல வேண்டும். திருத்த முடியாத இரண்டு கட்டங்களில், அதாவது சென்ட்ரிங் முடிந்து கம்பி விரிக்கும் முன்பும், கம்பி முடிந்து கான்கிரீட் விழும் முன்பும், வேலை நிற்கும்; நான் வந்து பார்த்த பிறகே அடுத்த படி. அந்த இரண்டு இடங்களையும் தவிர நான் ஏற மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

படிவத்தையும் மாற்றினோம். 'சரி' என்ற குறிக்கு இடமே இல்லாமல் செய்தோம். கவர் என்ற வரிக்கு எதிரே எந்தெந்த இடத்தில் அளந்தார், எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்பதை எழுத வேண்டும். இடைவெளிக்கும் அப்படியே. பால்கனி மேல்கம்பிக்கு, கான்கிரீட் மட்டத்தில் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து கம்பி வரை உள்ள தூரத்தை ஐந்து இடங்களில் எழுத வேண்டும். குறியிடுவதற்கு மேலே ஏறவே வேண்டியதில்லை. எண்ணை எழுத வேண்டுமானால் குனிந்து டேப்பை வைத்தே ஆக வேண்டும். கையெழுத்துகளின் பொருளையும் படிவத்திலேயே எழுதிவைத்தோம். அவருடையது "நான் அளந்தேன்" என்பதற்கு. என்னுடையது "அளக்கப்பட்டதை மாதிரிக்குச் சோதித்து, கான்கிரீட் போட அனுமதிக்கிறேன்" என்பதற்கு.

நான் சோதிப்பதற்கும் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். அவர் எழுதிய இடங்களில் மூன்றை அளப்பேன். அவர் எழுதாத இடங்களில் நானாக இரண்டைத் தேர்ந்து அளப்பேன். ஐந்தும் பொருந்தினால் டேப்பைச் சுருட்டிவிட்டு இறங்கிவிடுவேன். ஒன்று பொருந்தாவிட்டாலும் அதற்குமேல் நான் தேட மாட்டேன். படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அந்தப் பகுதி முழுவதையும் மீண்டும் அளந்து தரச் சொல்வேன். மீதிப் பிழைகளையும் நானே கண்டுபிடித்துக் கொடுத்தால் மூன்று தளங்களாகச் செய்த அதே தவற்றுக்குத்தான் திரும்பிப் போவேன். கம்பி மேஸ்திரியிடம் நேராகப் பேசுவதையும் நிறுத்தினேன். உயிருக்கு ஆபத்தான எதையாவது கண்டால் மட்டும் யாராக இருந்தாலும் அந்தக் கணமே வேலையை நிறுத்தச் சொல்வேன். மற்றெல்லாம் அவர் வழியாகத்தான்.

இடைப்பட்ட நாட்களில் வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள முன்பு வாட்ஸ்அப்பில் மணிக்கு ஒரு படம் கேட்பேன். அது அவரை வேலையிலிருந்து பிரித்துப் படம் எடுப்பவராக ஆக்கியது. நன்றாக முடிந்த மூலையைத்தான் படமும் காட்டியது. அதற்குப் பதிலாக மாலை ஐந்தரைக்கு அவர் ஒருமுறை அழைக்க வேண்டும் என்று வைத்தோம். இன்று முடிக்க நினைத்தது எது, முடிந்தது எது, நாளை என்னால் எது தடைபடக்கூடும் என்ற மூன்றைத்தான் கேட்பேன். மூன்றாவது கேள்விக்குத்தான் பயனுள்ள பதில்கள் வந்தன. ஒருநாள், எலெக்ட்ரீஷியன் குழாய் பதிக்க இன்னும் வரவில்லை என்பதையும், அவர் தாமதமாக வந்தால் கட்டிய மேல்கம்பிகளை மிதித்துக்கொண்டுதான் வேலை செய்வார் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். நான் செய்ய வேண்டியிருந்தது மின்வேலை ஒப்பந்தக்காரரை ஒருமுறை அழைத்துப் பேசுவது மட்டுமே.

மேலே இருப்பவரிடம் கேளுங்கள்

கான்கிரீட் நாள் வந்தது. மொத்தம் 30 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஐந்து லாரிகள். அன்று அவர் மேலே, நான் கீழே என்று பிரித்துக்கொண்டோம். கான்கிரீட் விழும் நேரம் முழுவதும் முட்டுகள் நகர்கின்றனவா, ஆப்பு தளர்கிறதா என்று கீழே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அது தேவையான வேலை. அதோடு, என்னை மேலே ஏறவிடாமல் கட்டிப்போட்ட வேலையும் அதுதான்.

மூன்றாவது லாரி வந்தபோது கலவை இறுகலாக இருந்தது. கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவான ஸ்லம்ப், நாங்கள் கேட்டிருந்தது 100 முதல் 120 மில்லிமீட்டர். அவர் கூம்பை வைத்து அளந்தபோது 70தான் வந்தது. பம்ப் இயக்குபவர் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்றார். கலவை எளிதாக ஓடும் என்பது உண்மைதான். சேர்க்கும் தண்ணீரின் அளவுக்கு வலிமை குறையும் என்பதும் உண்மை. இவர் மறுத்திருக்கிறார். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஒப்பந்தக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், சின்னப் பையன் லாரியை நிறுத்தி வச்சிருக்கார், பம்ப் அடைச்சுக்கும், நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

அந்த இடத்தில் சிறிது நேரம் நான் பேசாமல் இருந்தேன். பம்ப் அடைத்துக்கொண்டால் குழாய்களைக் கழற்றிக் கழுவ நேரம் பிடிக்கும். அதற்குள் முன்னதாக விழுந்த கான்கிரீட் இறுகிவிட்டால் புதிதும் பழையதும் ஒட்டாமல் நடுவில் இணைப்புக்கோடு விழும். என் உள்ளங்கை வியர்த்தது. ஏணி பத்தடி தூரத்தில் இருந்தது. நான் ஏறிப்போய் எதைச் சொன்னாலும், அது அவர் சொன்ன அதே முடிவாக இருந்தாலும்கூட, அதன்பின் அந்தப் பணியிடத்தில் ஒருவரும் அவர் சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "லாரியை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அவர் முடிவு. மேலே இருப்பவரிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு முட்டுகளைப் பார்க்கத் திரும்பினேன்.

அவர் என்ன செய்தார் என்பதை ஐந்தரை மணி அழைப்பின்போதுதான் முழுதாகக் கேட்டேன். ரசீதில் கலவை ஏற்றிய நேரத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆளை அழைத்து, அவர்களுடைய அனுமதியோடு இளக்கும் வேதிக்கலவையை லாரியிலேயே சேர்க்கச் செய்து, டிரம்மைச் சுழற்ற வைத்து, மறுபடி ஸ்லம்ப் எடுத்திருக்கிறார். 105 வந்தது. அந்த லாரியிலிருந்து வலிமைச் சோதனைக்காகக் கூடுதலாக ஒரு தொகுதி க்யூபும் எடுத்து, அதன்மேல் தனி அடையாளம் எழுதி வைத்திருக்கிறார். கடைசியாகச் சொன்ன இந்த யோசனை எனக்கு அப்போது தோன்றியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பால்கனிப் பகுதியில் கம்பிகளை யாரும் மிதிக்காதபடி நடைபலகை போட்டதும், கான்கிரீட் விழும்போது கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பியாளைக் கடைசிவரை நிறுத்தி வைத்ததும் அவருடைய ஏற்பாடுகளே.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. ஓர் அறையில் மின்விசிறிக் கொக்கிப் பெட்டி விடுபட்டுப்போனது. முட்டு பிரித்த பிறகு தெரிந்தது. வாடிக்கையாளர் வருத்தப்பட்டார். அவரிடம் "இது எங்கள் தவறு, நான் பொறுப்பு, சரிசெய்து தருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். யார் விட்டார் என்ற பேச்சை அங்கே எடுக்கவில்லை. பிறகு தனியாக இளம் பொறியாளரிடம், "இது எப்படி விடுபட்டது?" என்று கேட்டேன். கட்டமைப்பு வரைபடத்தை வைத்து இரண்டு சுற்று வந்தவர், மின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுகூட வரவில்லை என்று சொன்னார். அடுத்த தளத்திலிருந்து படிவத்தில் மின் வரைபடத்துக்கு ஒரு தனி வரி சேர்ந்தது. அதை எழுதியவர் அவர்.

எங்கள் ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். பலமுறை பார்த்த வேலை. படிப்பு முடித்து நேற்று வந்தவருக்கு இதையே செய்தால் அது கைவிடுதலாகிவிடும். அவருக்கு முதல் தளத்தில் நான் கூடவே நடந்து, எதைப் பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் அவர் சொல்ல நான் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் மாதிரிச் சோதனைக்கு நகரலாம். நான் அளக்கும் ஐந்து இடங்களில் தொடர்ந்து முரண்பாடு வந்தாலும் மீண்டும் ஒரு படி பின்னே வர வேண்டியதுதான்.

இரண்டாவது கட்டடத்தின் அந்த முதல் தளத்தின் படிவம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பால்கனி மேல்கம்பி என்ற வரியில் ஐந்து எண்கள் உள்ளன. வேண்டியது 30, தரநிலைப்படி 10 வரை கூடலாம், குறையவே கூடாது. நான்கு எண்கள் அதற்குள் இருக்கின்றன. மூன்றாவது இடத்தில் முதலில் 44 என்று எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் "சேர் வைத்தபின் 32, மாலை 6.10" என்று எழுதியிருக்கிறார். அன்று நான் போய்ச் சேர்ந்தது ஏழு மணிக்கு.